மகனுக்கு நோட்டீஸ் அனுப்பித் தர்றோம்னு 18,500 ரூபாய் கறந்துட்டாங்க, உஷார்!

இன்னும் ஆத்திரம் அடங்கல. எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு 71 வயசு. இருந்த ஒரே வீட்டை 2019-ல மகன் பேருக்கு தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தாங்க. இப்போ சோறும் இல்ல, மருந்தும் இல்ல. போன்ல விளம்பரம் பார்த்து, பத்திர வேலையும் நோட்டீஸும் செய்து தர்ற ஒரு ஆபீஸுக்குப் போனாங்க. அங்கிருந்த ஆள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "என்னை உங்க பிள்ளையா நினைச்சுக்கோங்கம்மா, ஒரே மாசத்துல பத்திரத்தை ரத்து பண்ணிடலாம்"னான். அந்த வார்த்தையை நம்பி வளையலை அடகு வெச்சு 18,500 கொடுத்தாங்க. ரசீது கிடையாது.

ரத்துன்னு சொன்னதே பொய். எழுதிக் கொடுத்தவர் மட்டும் சார்பதிவாளர் ஆபீஸ் போய் தான செட்டில்மெண்டை ரத்து பண்ண முடியாது. 2007-ம் வருஷத்து பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிரிவு 23-ன்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாதுன்னு அறிவிக்கணும், இல்லன்னா சிவில் கோர்ட்.

அவன் எழுதின கடிதம் அதைவிட மோசம். "எவ்வித நிபந்தனையுமின்றி மனமுவந்து அளித்த வீட்டை" திருப்பிக் கொடுன்னு ஆரம்பிக்குது! பிரிவு 23-க்கு உயிரே, பார்த்துக்கணும்ங்கிற நிபந்தனையோட கொடுத்தேன்ங்கிறதுதான். பாசத்துல கொடுத்தேன்னு மட்டும் சொன்னா போதாதுன்னு 2022-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. 2025-ல வந்த தீர்ப்பு இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகவே படிக்கணும்ங்குது. ஆனா நிபந்தனையே இல்லன்னு அம்மாவே கையெழுத்துப் போட்டா மகனோட வக்கீலுக்கு வேற என்ன வேணும்? பத்திரத்துல எழுதாமப் போயிருந்தாலும், "கடைசி வரைக்கும் பார்த்துக்கிறேன்னு நீ சொன்னதாலதான் எழுதிக் கொடுத்தேன்"னு, யார் முன்னாடி சொன்னான்ங்கிறதோட வரணும். எந்த மாசத்துலேர்ந்து பணம் நின்னுச்சு, மருந்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவுன்னு கணக்கும் வரணும். இவன் மொட்டையா மாசம் 40,000 கேட்டிருக்கான். தீர்ப்பாயம் தரக்கூடிய உச்சமே 10,000-தான். பத்திர நம்பரும் தப்பு. கூரியர்ல அனுப்பினானாம், மகன் கைக்குப் போனதுக்கு அத்தாட்சி எதுவும் இல்ல.

கேட்டா "சார் கோர்ட்ல இருக்கார்", அப்புறம் "சர்வர் டவுன்", கடைசியா "எழுதின வேலைக்கு எழுதின காசும்மா". அப்புறம் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. 18,500 ரூபாய்! அந்தம்மாவோட பல மாச மருந்துச் செலவு.

டிப்ஸ்லாம் விலாவாரியா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கை ஓடல. கடிதம் அனுப்பினாத்தான் மனு போடலாம்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, கோட்டாட்சியர் ஆபீஸ்ல நேரா மனு கொடுக்கலாம். அம்மாவால போக முடியலன்னா அவங்க எழுதிக் கொடுத்து இன்னொருத்தர் போகலாம். கையெழுத்துக்கு முன்னாடி கடிதத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்க. "நிபந்தனையின்றி"ன்னு ஒரு வார்த்தை வந்தாலும் பேனாவைத் தொடாதீங்க. ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி, பட்டுவாடா ஆனதுக்கான சான்றை எடுத்து வையுங்க. அசல் பத்திரத்தை எவன்கிட்டயும் கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் போதும்.