அழிந்த மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்க மொத்தமா, விலகலா?

போன வாரம் என்னிடம் கணக்குப் படிக்கும் மாணவி ஒரு மதிப்பெண் பட்டியலை போனில் படம் எடுத்து அனுப்பினாள். எட்டுப் பேர், நூற்றுக்கு ஒரே தேர்வு. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டு கடைசிப் பெயருக்கு நேரே இருந்த எண் வெள்ளையாகிவிட்டது. மற்ற ஏழும் தெரிந்தன: 72, 58, 81, 64, 49, 77, 70. அடியில் சராசரி 67.5.

இதற்கு இரண்டு வழி உண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்த மொத்த வழி: 67.5 × 8 = 540. தெரிந்த ஏழின் கூட்டல் 471. கழித்தால் 69.

இரண்டாவது விலகல் வழி. ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்க வேண்டும். எல்லா விலகல்களையும் கூட்டினால் பூச்சியம்தான் வரும். இங்கே +4.5, −9.5, +13.5, −3.5, −18.5, +9.5, +2.5. கூட்டினால் −1.5. அதை ஈடுகட்ட எட்டாவது ஆள் சராசரியை விட 1.5 அதிகம் எடுத்திருக்க வேண்டும். அதுவும் 69தான்.

மனக்கணக்குக்கு விலகல் வழி நல்லது. எண்கள் சின்னதாக இருக்கும், மேலும் கீழும் அடித்துப்போகும். சராசரி முழு எண்ணாக இருந்தால் அதைவிட வேகமான வழி இல்லை. ஆனாலும் புகைப்படத்திலிருந்து படிக்கும்போது நான் மொத்த வழியைத்தான் எடுக்கிறேன். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: நாம் படித்த சராசரி சரியா என்பதை அந்த மொத்தம் சோதித்துக் காட்டும்.

அந்தப் படத்தில் நான் முதலில் படித்தது 67.5 அல்ல, 67.2. கடைசி இலக்கம் கொஞ்சம் மங்கல். 67.2 × 8 = 537.6 என்று வந்ததும் நின்றேன். மதிப்பெண்கள் எல்லாம் முழு எண்கள் என்பதால் மொத்தமும் முழு எண்ணாகத்தான் இருக்க முடியும். சரி, சராசரியை ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கியிருப்பார்களோ என்று அக்கம்பக்கத்து மொத்தங்களைத் திருப்பி வகுத்துப் பார்த்தேன். 537ஐ எட்டால் வகுத்தால் 67.125, அதாவது 67.1. 538ஐ வகுத்தால் 67.25, அதாவது 67.3. இரண்டுமே 67.2 ஆகவில்லை. அப்படியானால் படித்ததுதான் தப்பு. ஜூம் செய்து பார்த்தபோது 5 தெரிந்தது. (முழுமையாக்காமல் இரண்டாவது தசமத்தை அப்படியே வெட்டிவிடும் பழக்கம் இருந்தால் மட்டும் 67.25ஐ 67.2 என்று எழுதியிருக்கலாம். அதையும் மனதில் வைக்க வேண்டும்.)

இதே தவறான 67.2ஐ வைத்து விலகல் வழியில் போயிருந்தால் விடை 66.6 என்று வந்திருக்கும். பின்னம் அங்கேயும் தெரியும்தான். ஆனால் அந்த இடத்தில் “சரி, 67” என்று எழுதிவிட்டு நகரத் தோன்றும். மாணவர்கள் அப்படி எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 537.6 என்ற மொத்தத்தைப் பார்த்தால் அந்த ஆசை வருவதில்லை. உடனே மேலும் கீழும் இருக்கும் முழு எண்களைச் சோதிக்கத் தோன்றுகிறது.

ஆள் எண்ணிக்கையில் தப்பு இருந்தாலும் இந்த வழியில் பிடிபடும். வராதவர் பெயர் பட்டியலில் இருக்கும், சராசரியில் அவரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். தெரிந்த ஏழுக்கு மட்டும் சராசரி எடுத்தால் 471 ÷ 7, ஏறக்குறைய 67.3. படத்தில் 67.3 இருந்திருந்தால், அந்த வெள்ளைக் கட்டத்தில் மதிப்பெண்ணே இல்லையோ என்று சந்தேகப்பட்டிருப்பேன். மொத்தம் 538 ஆக இருந்து அவர் 67 எடுத்திருந்தாலும் 67.3 வரும் என்பதால், அது சந்தேகம்தான், முடிவல்ல.

தெரிந்த எண் ஒன்றையே தவறாகப் படித்தால் இரண்டு வழியும் கைவிட்டுவிடும். 77ஐ 71 என்று படித்தால் விடை 75 ஆகிவிடும். பார்க்க நியாயமான எண், சந்தேகமே வராது. அதற்குக் கணக்கில் மருந்து இல்லை. ஏழு எண்களையும் படத்தோடு மறுபடி ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஆட்கள் கூடினாலும் சிக்கல்தான். நாற்பது பேருக்குச் சராசரி 61.3 என்று ஒரு தசமத்தில் மட்டும் இருந்தால் மொத்தம் 2450, 2451, 2452, 2453 என நான்கில் எதுவாகவும் இருக்கலாம். விடுபட்ட மதிப்பெண்ணுக்கும் நான்கு விடைகள் கிடைக்கும். அப்போது ஒரே எண்ணை எழுதாமல் நான்கையும் எழுதி வைக்கிறேன். பாடத்துக்குப் பாடம் எடை மாறும் பட்டியல்களை நான் ஒன்றிரண்டுதான் செய்திருக்கிறேன். அங்கேயும் மொத்தத்தில் தொடங்கியதுதான் எனக்கு எளிதாக இருந்தது.