ஸ்கேன் செய்த தலை கண் சிமிட்ட வேண்டுமா? மூன்று ரீடோபாலஜி வழிகள்

போட்டோகிராமெட்ரியில், அதாவது பல புகைப்படங்களைச் சேர்த்து எடுத்த ஒரு 3D தலை என்னிடம் வந்தது. 20 லட்சம் முக்கோணங்கள், தோல் துளை வரை தெரிந்தது. அது செய்ய வேண்டியது இரண்டே வேலை: கண் சிமிட்ட வேண்டும், வாய் திறந்து பேச வேண்டும். அதற்கு ஸ்கேன் மேல் அசைவுக்கு ஏற்ற சீரான புது மெஷ் ஒன்றை அமைக்க வேண்டும், அதுதான் ரீடோபாலஜி. இந்த ஒரே தலையில் அதற்கான மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன்.

முதலில் ஆட்டோ ரீமெஷ். 6,000 குவாட், அதாவது நாற்கோணங்கள் கேட்டேன், சில நிமிடங்களில் கிடைத்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கருவி பார்ப்பது மேற்பரப்பின் வளைவை மட்டுமே. மூடிய உதடுகள் ஸ்கேனில் ஒரு மெல்லிய பள்ளம், அவ்வளவுதான். அங்கே வாய் திறக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? பள்ளத்தின் மேலேயே குவாட்களைப் பரப்பிவிட்டது. கண், வாய்ப் பகுதிகளை முன்பே வெட்டித் திறந்து, சுற்றிலும் வழிகாட்டிக் கோடுகளும் வரைந்து மறுபடி ஓட்டியதில் நிலைமை கொஞ்சம் தேறியது. அப்போதும் கண்ணைச் சுற்றிய லூப், அதாவது தொடர்ந்து ஓடும் எட்ஜ் வரிசை, சுருளாகிவிட்டது. பிளெண்டரில் ஒரு எட்ஜை `Alt` அழுத்திச் சொடுக்கினால் இது உடனே தெரியும்: நல்ல லூப் கண்ணை ஒரு சுற்றுச் சுற்றி, கிளம்பிய இடத்திலேயே சேரும். சுருள் லூப் சேராமல் அடுத்த வரிசைக்கு இறங்கி, கன்னம் வழியாகக் காதுப் பக்கம் போய்விடும். அதை வைத்து இமையை மூடினேன், வெளி ஓரத்தில் தோல் ரம்பப் பல் போல மடிந்தது. நிழலில் நிற்கும் சிலைக்கு இது போதும், பேசும் முகத்துக்கு ஆகாது.

அடுத்தது கையால் வரைவது. ஒவ்வொரு குவாட்டாக ஸ்கேன் மேல் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். நான் இமை விளிம்பில் தொடங்கினேன். இரண்டு ஓரங்களுக்கு இரண்டு புள்ளிகள், மேலிமைக்கு 11, கீழிமைக்கு 11, ஆக 24. மேலும் கீழும் ஒரே எண்ணிக்கை இருந்தால்தான் கண் மூடும்போது புள்ளிக்குப் புள்ளி சந்திக்கும். அங்கிருந்து உள்ளே இமையின் தடிமனுக்கு ஒரு வளையம், வெளியே இமை மடிப்பு வரை சில வளையங்கள். மடிப்புக்கு மட்டும் மூன்று லூப் வேண்டும். ஒன்று பள்ளத்தின் அடியில், மற்ற இரண்டும் அதன் இரு கரைகளில். ஒன்றே ஒன்று வைத்தால் இமை திறக்கும்போது தோல் உள்ளே மடங்காமல் கசங்கும்.

வாய்க்கும் இதே கணக்குத்தான். உதட்டு ஓரத்தில் லூப் முடிந்துவிடக் கூடாது, வளைந்து மேலுதட்டில் இருந்து கீழுதட்டுக்குப் போக வேண்டும். கண் வளையங்களும் வாய் வளையங்களும் கன்னத்தில் முட்டும் இடத்தில் ஐந்து எட்ஜ் கூடும் புள்ளி ஒன்று வந்தே தீரும். தவிர்க்க முடியாது, இடத்தைத்தான் தேர்ந்தெடுக்கலாம். மூக்கோரத்தில் இருந்து வாய் ஓரம் இறங்கும் சிரிப்புக் கோட்டில் அது விழுந்தால், சிரிக்கும்போது அங்கே ஒரு கட்டி தெரியும். கன்ன மேட்டின் நடுவுக்குத் தள்ளிவிட்டேன்.

சமச்சீர் பற்றியும் ஒன்று. எந்த முகமும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. பாதி வரைந்து `Mirror` போட்டு, அதன் கீழே `Shrinkwrap` வைத்தால் மறுபாதி ஸ்கேனில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் இமை விளிம்பு லூப் உண்மையான விளிம்பில் இருக்காது. `Mirror`-ஐ அப்ளை செய்தபின் அந்தப் பக்கத்தைக் கையால் நகர்த்த வேண்டியிருந்தது. எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் ஆனது.

மூன்றாவது, நல்ல லூப்களோடு முன்பே செய்து வைத்த தலை மெஷ் ஒன்றை, அதாவது பேஸ்மெஷை, ஸ்கேன் மேல் போர்த்துவது. இரண்டிலும் ஒத்த புள்ளிகளைக் குறித்தால் மென்பொருள் இழுத்துப் பொருத்திவிடும், வாய்க்குழியும் கண்குழியும் தயாராகவே வரும். வேகத்தில் ஆட்டோவுக்குப் பக்கம், தரத்தில் கைவேலைக்குப் பக்கம். சிக்கல் எங்கே என்றால், விழி ஈரமாகப் பளபளப்பதால் ஸ்கேனில் அது இமையோடு சேர்ந்த ஒரு மேடு பள்ளக் குவியலாகத்தான் வரும். பேஸ்மெஷின் இமை அந்தக் குவியலுக்குள் இழுபடும். கண்குழி, வாய்க்குழிப் பாலிகன்களைப் பொருத்தத்தில் இருந்து விலக்கிவிட்டால் அது நிற்கும். உதட்டிலோ வழுக்கல் வேறு மாதிரி. வடிவம் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், லூப் மட்டும் உதட்டு நிற எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஓடும். வெறும் சாம்பல் நிறத்தில் பார்த்தால் கண்ணில் படாது. ஸ்கேனின் வண்ண டெக்ஸ்சரை மெஷில் ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இது இரண்டு தடவை ஏமாற்றம். உதட்டு எல்லை நெடுகவும் இமை விளிம்பு நெடுகவும் நெருக்கமாகப் புள்ளி குறித்த பிறகே சரியானது.

இதில் எது? கையில் நம்பகமான பேஸ்மெஷ் இருந்தால் நான் போர்த்துவேன். இல்லையென்றால் கையால்தான். ஆட்டோவைக் காதுக்குப் பின்புறம், மண்டை, கழுத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்புறம் அதே ஆளின் 12 முகபாவ ஸ்கேன்கள் வந்து சேர்ந்தன. கையால் வரைந்த அந்த மெஷையே பேஸ்மெஷாக்கி 12-இலும் போர்த்தினேன். எல்லாவற்றிலும் ஒரே வெர்டெக்ஸ் வரிசை இருந்ததால் அவை நேராக பிளெண்ட் ஷேப், அதாவது ஒரு முகபாவத்தில் இருந்து இன்னொன்றுக்கு மெஷை மாற்றும் வடிவங்கள் ஆகிவிட்டன. கண் மூடும் ஷேப் மட்டும் பாதி வழியில் இமையை விழிக்குள் கொண்டுபோனது. புள்ளிகள் நேர்கோட்டில் நகர்கின்றன, இமையோ விழியின் வளைவில் உருள வேண்டும். அதை எந்த டோபாலஜியும் தீர்க்காது, நடுவில் இன்னொரு ஷேப் செய்து சேர்த்தேன்.