டியூட்டி மாற்றம்: மூன்று வழிகளும் ஒரு வியாழக்கிழமையும்

ரோஸ்டரை ஒட்டிய மறுநாளே முதல் கோரிக்கை வந்துவிடும். "சிஸ்டர், வியாழக்கிழமை எனக்கு மாலை டியூட்டி போட்டிருக்கீங்க. ரோசிக்குக் காலை. நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிறோம், பேசிட்டோம்." ஒரே நாள், இரண்டே பேர். ஆள் எண்ணிக்கை குறையவில்லை, வேலை நேரமும் கூடவில்லை. சரி என்று தலையாட்டத்தான் தோன்றும். வார்டு இன்சார்ஜாக இருந்த முதல் சில வருடங்கள் நானும் அப்படித்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கோரிக்கைகளைக் கையாளும் விதத்தில் நான் மூன்று வழக்கங்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொண்டு ரெஜிஸ்டரில் எழுதிவைப்பது ஒன்று. ஒவ்வொன்றையும் இன்சார்ஜ் பார்த்து அனுமதிப்பது இன்னொன்று. முதலில் விதிகளை வைத்துச் சோதித்து, சிக்கலானதை மட்டும் இன்சார்ஜிடம் அனுப்புவது மூன்றாவது. எது நல்லது என்று பொதுவாகப் பேசினால் முடிவே வராது. அதனால் அந்த வியாழக்கிழமைக் கோரிக்கையை மூன்றின் வழியாகவும் அனுப்பிப் பார்ப்போம். பெயர்களும் வார்டும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை.

வார்டில் காலை டியூட்டி 7:00 முதல் 14:00 வரை. மாலை 13:30 முதல் 20:30 வரை. இரவு 20:00 முதல் மறுநாள் 7:30 வரை. நடுவில் ஒன்றின்மேல் ஒன்று விழும் அரை மணி நேரம் ஹேண்ட்ஓவருக்கு. குறைந்தபட்சம் காலையில் ஐந்து பேர், மாலையில் நான்கு, இரவில் மூன்று. ஒவ்வொரு டியூட்டியிலும் பொறுப்பேற்கக்கூடிய சீனியர் ஒருவராவது இருக்க வேண்டும். மலர் சீனியர், ரோசி சேர்ந்து சில மாதங்களே ஆனவர். மலருக்குப் புதன் மாலை, வியாழன் மாலை, வெள்ளி ஆஃப், சனி இரவு. ரோசிக்குப் புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாளும் காலை.

முதல் வழக்கத்தில் இந்த மாற்றம் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். யாருக்கும் காத்திருப்பு இல்லை, இன்சார்ஜுக்கும் தலைவலி இல்லை. இப்போது என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். மலர் புதன்கிழமை 20:30க்கு வார்டை விட்டுக் கிளம்புகிறார். மாற்றிக்கொண்ட காலை டியூட்டி வியாழன் 7:00க்குத் தொடங்குகிறது. இடையில் இருப்பது பத்தரை மணி நேரம். ரோசி வியாழன் 20:30க்கு முடிக்கிறார், வெள்ளி 7:00க்கு வர வேண்டும். அவருக்கும் அதே பத்தரை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு வேலைநேர நெறிமுறை ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் தொடர்ச்சியாகப் பதினொரு மணி நேர ஓய்வு கேட்கிறது. செவிலியர்களுக்கென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இல் வெளியிட்ட பரிந்துரை, இரண்டு டியூட்டிகளுக்கு இடையே பன்னிரண்டு மணி நேரம் என்கிறது. எந்த அளவுகோலை வைத்தாலும் இரண்டு பேருமே தேறவில்லை. பத்தரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்வதும், சாப்பிடுவதும், காலையில் கிளம்பி வருவதும் போக மிஞ்சுவதுதான் தூக்கம்.

அது மட்டுமல்ல. வியாழன் மாலையில் இருந்த ஒரே சீனியர் மலர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றத்துக்குப் பிறகும் அங்கே நான்கு பேர் இருப்பார்கள், சீனியர் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு பேர் இடம் மாறிக்கொள்ளும்போது தலைக்கணக்கு ஒருபோதும் மாறாது, அதனால்தான் இது கண்ணுக்குத் தப்புகிறது. மாறுவது ஆள்.

இந்த வழக்கத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொன்றும் உண்டு. சீனியர் வந்து கேட்டால் ஜூனியரால் முடியாது என்று சொல்ல முடிவதில்லை. ரெஜிஸ்டரில் இருவர் கையெழுத்தும் இருக்கும். ஒரு மாத ரெஜிஸ்டரை எடுத்து, யார் எத்தனை மாலை டியூட்டியை வாங்கிக்கொண்டார்கள் என்று எண்ணினால் விஷயம் தெரிந்துவிடும். அதே இரண்டு மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாவது வழக்கத்தில் கோரிக்கை இன்சார்ஜ் மேஜைக்கு வருகிறது. சீனியர் இல்லாமல் போவதை அவர் நிச்சயம் பிடித்துவிடுவார், ஏனென்றால் வார்டு அவர் தலையில் இருக்கிறது. எந்த இருவரைச் சேர்த்துப் போட்டால் வேலை ஓடாது, எந்த நாளில் ஆபரேஷன் கேஸ்கள் அதிகம் வரும் என்பதெல்லாம் காகிதத்தில் இருக்காது. இதுதான் இந்த வழியின் பலம், இதை வேறு எதுவும் ஈடுசெய்வதில்லை.

ஆனால் ஓய்வு நேரம்? ரோஸ்டரில் பெயர்கள் மேலிருந்து கீழாகவும் தேதிகள் இடமிருந்து வலமாகவும் இருக்கும். கோரிக்கை வந்ததும் இன்சார்ஜின் விரல் வியாழக்கிழமைக் கட்டங்களில் மேலிருந்து கீழே இறங்கும், ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணும். ஆள் சரியாக இருக்கிறதா என்பதற்கு அந்தப் பார்வை போதும். ஓய்வு தெரிய வேண்டுமென்றால் மலரின் வரியில் இடமிருந்து வலமாகப் போக வேண்டும், பிறகு ரோசியின் வரியில் போக வேண்டும். மருந்து வண்டிக்கும் ரவுண்ட்ஸுக்கும் நடுவில் நின்றுகொண்டு சரி சொல்பவருக்கு அந்த இரண்டாவது பார்வைக்கு நேரம் இருக்காது. நான் தலையாட்டிய மாற்றங்களில் ஆள் குறைந்தது ஒன்றுகூட இல்லை. ஓய்வு குறைந்தவை எத்தனை என்று ஒருநாள் பழைய ரோஸ்டர்களை எடுத்து எண்ணப்போய், பாதியில் மூடிவைத்துவிட்டேன்.

அப்புறம், இன்சார்ஜ் லீவில் போனால் எல்லாம் நிற்கும். போன வாரம் ஒருவருக்குச் சரி, இந்த வாரம் இன்னொருவருக்கு இல்லை என்றால் காரணம் கேட்பார்கள். காரணம் நியாயமானதாகவே இருந்தாலும் எழுதிவைக்காவிட்டால் அது பாரபட்சமாகத்தான் தெரியும்.

மூன்றாவது வழிக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. ஒரு விரிதாள் போதும். ஒருவருடைய டியூட்டி முடியும் நேரம் B2 கட்டத்திலும் அடுத்தது தொடங்கும் நேரம் C2 கட்டத்திலும் இருந்தால் கணக்கு இதுதான்:

```
=(C2-B2)*24
```

இரண்டு கட்டங்களிலும் நேரத்தோடு தேதியும் இருக்க வேண்டும். நேரத்தை மட்டும் போட்டால் 20:30க்கும் 7:00க்கும் நடுவில் −13.5 என்று வந்து நிற்கும். விடையை எண்ணாகக் காட்டும்படி கட்டத்தின் வடிவத்தையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதையும் ஒரு தேதியாகக் காட்டக்கூடும்.

எத்தனை இடைவெளிகளைச் சோதிப்பது? நான்குதான். ஒருவர் விட்டுப்போகும் டியூட்டியைச் சுற்றி ஓய்வு கூடத்தான் செய்யும். புதிதாக நுழையும் டியூட்டிக்கு முன்னாலும் பின்னாலும்தான் அது குறைய முடியும். ஆளுக்கு இரண்டு, ஆக நான்கு. இத்துடன் வார ஓய்வு ஒன்று. அதே 1977 பரிந்துரை வாரத்துக்குத் தொடர்ச்சியாக 48 மணி நேரத்தை விரும்புகிறது, எந்த நிலையிலும் 36க்குக் கீழே போகக் கூடாது என்கிறது. கடைசியாகச் சீனியர் இருக்கிறாரா என்று ஒரு கேள்வி.

வியாழக்கிழமைக் கோரிக்கை இங்கே உடனே விழுந்துவிடும். விழுவது பெரிய விஷயமில்லை, மலருக்கு அந்த மாலை ஏதோ ஒரு வேலைக்காகத் தேவைப்படுகிறது. ஏன் விழுந்தது என்று கண்ணெதிரே இருப்பதால் அடுத்த வழியைத் தேடலாம். இன்னொரு சீனியர் செல்விக்குப் புதன் காலை, வியாழன் ஆஃப், வெள்ளி மாலை, சனி மாலை. மலரின் வியாழன் மாலையைச் செல்வி எடுத்துக்கொள்ளட்டும், செல்வியின் வெள்ளி மாலையை மலர் எடுத்துக்கொள்ளட்டும். மலர் புதன் 20:30க்கு முடித்து வெள்ளி 13:30க்கு வருகிறார், 41 மணி நேரம். வெள்ளி முடிந்து சனி இரவு தொடங்க இருபத்து மூன்றரை மணி நேரம் இருக்கிறது. செல்விக்கு வியாழனுக்கு முன்னால் இருபத்து மூன்றரை, பின்னால் 41. நான்கும் தேறுகின்றன, இரண்டு மாலைகளிலும் சீனியர் இருக்கிறார். இருவருக்கும் முன்பு நாற்பத்தேழரையாக இருந்த வார ஓய்வு 41 ஆகச் சுருங்குகிறது. விதிக்குள்தான் இருக்கிறது, ஆனால் அதைச் செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் விரிதாளிடமே விட்டுவிடலாம் என்று நினைத்தால், அதுவும் ஏமாற்றும். ஏமாற்றுகிற விதம்தான் வேறு.

சனி இரவில் மூன்று பேர், அதில் இருவர் சீனியர் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை இருவருமே தனித்தனியாக ஜூனியர்களோடு மாற்றம் கேட்கிறார்கள். முதல் கோரிக்கையைச் சோதித்தால் இரண்டாவது சீனியர் இன்னும் ரோஸ்டரில் இருக்கிறார், தேறிவிட்டது. இரண்டாவதைச் சோதிக்கும்போது முதல் மாற்றம் ரோஸ்டரில் ஏறவில்லை, அதுவும் தேறிவிட்டது. சனி இரவு மூன்று ஜூனியர்கள் மட்டும் நிற்பார்கள். ஒன்றை அனுமதித்து, ரோஸ்டரில் ஏற்றிய பிறகுதான் அடுத்ததைச் சோதிக்க வேண்டும். சுவரில் ஒட்டிய பழைய தாளை வைத்துச் சோதிப்பதும் இதே தப்புதான்.

இன்னொன்று, விரிதாளுக்குத் தெரிந்ததெல்லாம் எழுதிவைத்த நேரம். இரவு டியூட்டி 7:30க்கு முடிவதாகத் தாளில் இருக்கும். கடைசி நேரத்தில் ஒரு அட்மிஷன் வந்தால் 8:40 ஆகும். அன்றைக்கே மறுபடி 20:00க்கு இரவு டியூட்டிக்கு வருபவருக்குப் பன்னிரண்டரையாக இருந்த இடைவெளி அங்கே பன்னிரண்டுக்குக் கீழே போய்விடும். மறுநாள் பயிற்சி வகுப்பு இருப்பதும் தாளில் இருக்காது. உங்கள் வார்டில் டியூட்டி வழக்கமாக எத்தனை மணிக்கு உண்மையில் முடிகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், பிறகு அந்த நேரத்தையே விரிதாளில் போடுங்கள்.

என் தேர்வு மூன்றாவதுதான், ஆனால் இரண்டாவதைப் பாதி சேர்த்துக்கொண்டு. டியூட்டிக்கு மூன்று நாளுக்கு முன்பே வந்து எல்லாச் சோதனையும் தேறிய மாற்றத்துக்கு இன்சார்ஜ் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டால் போதும், காரணம் கேட்க வேண்டியதில்லை. தேறாததை மறுக்கும்போது எந்த இடைவெளி உதைக்கிறது என்று எழுதித் தர வேண்டும். மூன்று நாளுக்குள் வருவதை இன்சார்ஜ் வார்டு நிலவரம் பார்த்து முடிவு செய்யட்டும், சோதனையை மட்டும் அப்போதும் தாண்டக் கூடாது. பதிலுக்கு எதையும் எடுத்துக்கொள்ளாமல் டியூட்டியைக் கொடுத்துவிடுவதை மாற்றக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எடுத்துக்கொள்பவரின் வார வேலை நேரத்தைக் கூட்டுகிறது. காய்ச்சல் என்று காலையில் போன் வருவதும் மாற்றம் இல்லை, அதற்கு ஆள் தேடுவது தனி வேலை.

முதல் வழக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மாற்றத்தை எடுத்துக்கொள்பவர் தானே வந்து சொல்ல வேண்டும், கேட்டவர் முன்னால் நிற்காதபோது. ரோசியைத் தனியாகக் கூப்பிட்டு "உனக்கு இது பரவாயில்லையா?" என்று கேட்டால், சில சமயம் சோதனைக்கே போக வேண்டியிருக்காது.