அரபு டிஸ்சார்ஜ் சம்மரியை மொழிபெயர்க்கக் கொடுக்கும் முன்

சவுதியில் தம்மாமில் வேலை பார்த்த மச்சானுக்கு அங்கேயே மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஊருக்கு வரும்போது கையில் இருந்தது அரபு டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். புதுச்சேரியில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் கொடுத்தோம். பக்கத்துக்கு 1,200 ரூபாய். அசல் தாளைக் கேட்கவில்லை, வாட்ஸ்அப்பில் போட்டோ போதும் என்றார்கள். சீல், கையெழுத்து எல்லாம் பிரமாதமாக வந்தது.

டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் மாத்திரை வாங்கலாமென்று கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போனோம். தாளைப் பார்த்த கடைக்காரர், "பைசோப்ரோலோல் 25 மில்லிகிராமா? அப்படி மாத்திரையே கிடையாதே சார். 1.25, 2.5, 5, 10 தான் வரும். இது இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து, பத்து மடங்கு போட்டால் பல்ஸ் விழுந்துடும்" என்று சொல்லி, தர மறுத்துவிட்டார். அந்த மனுஷனுக்குப் புண்ணியம்.

அசலில் இருந்தது 2.5 தான். அரபு எண்ணில் ஐந்து நம் பூஜ்யம் மாதிரி வட்டமாக இருக்கும், பூஜ்யமோ வெறும் புள்ளி. அதனால் தசமத்துக்குப் புள்ளி வைக்காமல் காற்புள்ளி போன்ற சின்னக் கோடு போடுவார்கள். போட்டோவில் அந்தக் கோடு மங்கிப் போயிருந்தது. தட்டச்சு செய்தவர் அப்படியே 25 என்று அடித்துவிட்டார்.

அப்புறம், வளைகுடா மருத்துவமனையில் ஃபார்மசிஸ்டாக இருந்து ஓய்வுபெற்ற பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவரிடம் முழுவதையும் காட்டினோம். அவர் பிடித்தது இன்னும் மோசம். ஸ்டென்ட் வைத்த தேதி 10/9/1445 என்று இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியில் இருந்தது. ஒன்பதாம் மாதம் ரமலான், ஆகவே அது 2024 மார்ச் 20. மொழிபெயர்ப்பில் வருடத்தை மட்டும் மாற்றி 10/9/2024 என்று போட்டிருந்தார்கள். மாரடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தால் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலையும் பொதுவாக ஒரு வருடம் கொடுப்பார்கள், எப்போது நிறுத்துவது என்று டாக்டர் இந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடுவார். தவறான தேதியால் கிட்டத்தட்ட ஆறு மாதம் கூடுதலாகப் போயிருக்கும், அதுவும் ரத்தக்கசிவு அபாயமுள்ள மாத்திரை.

நாக்குக்கு அடியில் வைக்கும் ஐசோசார்பைடு மாத்திரைக்கு 'தேவைப்பட்டால்' என்ற குறிப்பும் காணோம். நெஞ்சுவலி வந்தால் மட்டும் போட வேண்டியது, தினசரி மருந்தாக மாறியிருந்தது.

நிறுவனத்தில் கேட்டதற்கு, "நாங்க மொழியைத்தான் மாத்துவோம், மருந்துக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்கள். திருத்திக் கொடுக்கப் பாதிக் கட்டணம் வேறு கேட்டார்கள். பணத்தைத் திருப்பித் தரவில்லை.

அசல் தாளை நேரில் கொடுங்கள். ஹிஜ்ரி தேதியை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கிலத் தேதியும் போடச் சொல்லுங்கள். அங்கிருந்து கொண்டுவந்த மாத்திரை அட்டைகளைத் தூக்கிப் போட வேண்டாம். பெயரும் அளவும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். மச்சான் பெட்டியில் கிடந்த காலி அட்டையிலேயே 2.5 என்று தெளிவாக இருந்தது. இன்னும் அங்கேயே இருப்பவர்கள், கிளம்பும் முன் மருத்துவமனையிலேயே ஆங்கிலப் பிரதி கேளுங்கள், பல இடங்களில் கொடுப்பார்கள்.