மாதிரிப் படத்தை நம்பி ஆயிரம் விசிட்டிங் கார்டுகளை வீணாக்கினேன்

சிறுதானியத் தின்பண்டங்கள் செய்து விற்கும் எனக்கு விசிட்டிங் கார்டு தேவைப்பட்டபோது, ஓர் அச்சகத்தார் மூன்று வடிவமைப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முதலாவது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. இரண்டாவது கரும்பச்சையில் மெல்லிய வெள்ளை எழுத்து. மூன்றாவது துணி நெசவு போன்ற இளமஞ்சள் தாளில் வெளிர்பழுப்பு எழுத்து. மூன்றாவது மட்டும் மரமேசையில் சாய்வெளிச்சம் விழ, தடித்த ஓரம் தெரியும்படி வைத்த படமாக வந்தது. அதில் மயங்கி "ஓகே" என்று பதில் அனுப்பிவிட்டேன்.

வந்து சேர்ந்த கார்டுகளில் நகத்தால் கீறிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுக்கியது. நெசவு தாளில் இல்லை, கோடுகளாக அச்சிட்டிருந்தார்கள். கேட்டபோது, சொன்னபடியே 300 ஜி.எஸ்.எம். தாள்தான் போட்டேன் என்றார். அது பொய்யில்லை, ஆனால் ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடையை மட்டுமே குறிக்கும், சொரசொரப்பைப் பற்றி எதுவும் சொல்லாது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அதைவிடப் பெரிய இழப்பு தொலைபேசி எண்தான். வழக்கமான நான்கு வண்ண அச்சில் வெளிர்பழுப்புக்குத் தனி மை கிடையாது. பல வண்ண மைகளின் நுண்புள்ளிகள் சேர்ந்தே அந்த நிறம் தோன்றுவதால், 6 பாயின்ட் அளவில் எழுத்தின் விளிம்பு கலங்கி 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. முகவரியில் மெய்யெழுத்துகளின் புள்ளிகள் பாதி காணவில்லை. திரையில் நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்ததால் இது உறைக்கவில்லை.

லோகோவோ வலது ஓரத்திலிருந்து 2 மி.மீ. தள்ளித்தான் இருந்தது. அடுக்காக வெட்டும்போது கத்தி 1 மி.மீ. விலகுவது சாதாரணம், அந்தச் சிறு விலகலே இடைவெளியைப் பாதியாக்கியதால், வட்டமான லோகோ கீழே விழப்போவதுபோல் நிற்கிறது. நான்கைந்து மி.மீ. விட்டிருந்தால் அதே விலகல் கண்ணில் பட்டிருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, என் "ஓகே" செய்தியையே எனக்குக் காட்டினார்.

பிறகுதான் மூன்றையும் ஏ4 தாளில், பக்கத்துக்கு ஏற்பப் பெரிதாக்காமல், உண்மை அளவிலேயே அச்செடுத்து வெட்டி அப்பாவிடம் கொடுத்தேன். (முன்பே செய்திருந்தால் பத்து ரூபாயோடு முடிந்திருக்கும்.) கையை நீட்டிப் பிடித்து முதல் கார்டின் எண்ணைத் தடையின்றி வாசித்தார், இரண்டாவதில் பெயரை வாசித்து எண்ணில் தடுமாறினார், மூன்றாவதற்குக் கண்ணாடியைத் தேடினார். இதிலும் ஒரு குறை உண்டு: லேசர் அச்சில் ஓரளவு தெரியும் மெல்லிய வெள்ளை எழுத்து, அச்சகத்தின் ஆஃப்செட் இயந்திரத்தில் சுற்றியுள்ள பச்சை மை பரவி இன்னும் மெலியலாம்.

இப்போது வேறோர் அச்சகத்தில் முதல் வடிவமைப்பைக் கொடுத்திருக்கிறேன். எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும், தொலைபேசி எண் 9 பாயின்ட் அளவில், லோகோ ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே என்று எழுதிக் கொடுத்ததோடு, போடப்போகும் தாளில் ஒரு துண்டைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தேன்.