கைப்பிடி வலிமை: ஒரே கோடா, வயதுக்கேற்ற அட்டவணையா?

ஊட்டச்சத்து நிலையை அறியக் கைப்பிடி வலிமையை அளக்கிறோம், பிடித்து அழுத்தும் கருவியான டைனமோமீட்டரில் 30 கிலோ காட்டுகிறது. இது குறைவா, போதுமா?

ஐரோப்பிய வல்லுநர் குழு 2019-இல் வெளியிட்ட கோடு சுலபமானது: ஆணுக்கு 27 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ, அதற்குக் கீழே போனால் பலவீனம். ஆனால் அது முதியவர்களின் தசை இழப்பைப் பிடிக்கப் போட்ட கோடு. சாப்பாடு இறங்காமல் மெலிந்துபோன 34 வயது ஆண் ஒருவர் 30 அழுத்தினால் அதில் தேறிவிடுவார்.

வயது, பாலின அட்டவணையில் பார்த்தால் கதை வேறு. பிரிட்டன் தரவில் அந்த வயது ஆண்களின் நடு அளவு சுமார் 51 கிலோ, இவர் அதில் 60 சதவீதம்கூட எட்டவில்லை. எடை பெரிதாகக் குறையும் முன்பே தசையின் வேலை குறையத் தொடங்கிவிடும் என்பதால் இந்த இடைவெளியை நான் அலட்சியப்படுத்த மாட்டேன்.

80 வயதில் நிலைமை தலைகீழ். அதே தரவில் ஏறத்தாழ நாலில் ஒருவர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அட்டவணை மட்டும் பார்த்தால் "வயதுக்குச் சரி" என்று விட்டுவிடுவோம், ஆபத்து அப்படியே இருக்கும். அதனால் இளையவருக்கு அட்டவணை, முதியவருக்குக் கோடு என்பது என் வழக்கம்.

அப்புறம், முழங்கையை 90 டிகிரி மடக்கி உட்காரவைத்து, மூன்று முறை அழுத்தவைத்து அதிகபட்சத்தை எடுங்கள். விரல் மூட்டு வலி இருந்தால் அந்த எண் ஊட்டச்சத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.