பழைய டேப் காட்சிகள் ஏன் ஷார்ப்பாக இல்லை: திரை முழுக்க வைப்பதா, சின்னச் சட்டத்தில் வைப்பதா?

வணக்கம்.

முதல் கட் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டிருந்தீர்கள்: உங்கள் கல்யாணக் காட்சிகள் பளிச்சென்று இருக்கும்போது, அப்பா அம்மாவின் கல்யாண டேப் வரும் மூன்று நிமிடம் மட்டும் ஏன் மங்கலாக இருக்கிறது, அதை ஷார்ப் ஆக்க முடியாதா என்று. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பிறகு அந்த மூன்று நிமிடத்தைப் படத்தில் வைக்க என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று எழுதுகிறோம்.

உங்கள் கல்யாணத்தை 4கே-யில் எடுத்தோம். அகலத்தில் 3840 புள்ளிகள். படத்தை நாங்கள் தருவது 1920-க்கு 1080 அளவில். ஆகவே புதுக் காட்சிகள் பாதியாகச் சுருங்கித்தான் திரைக்கு வருகின்றன. டேப் காட்சிகளோ பெரிதாக்கப்பட்டு வருகின்றன. ஒரு வி.எச்.எஸ். டேப், படத்தின் முழு அகலத்தில் ஏறத்தாழ 320 நுணுக்கங்களைத்தான் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். டிஜிட்டல் ஆக்கும்போது ஃபைல் 720-க்கு 576 புள்ளிகள் என்று காட்டும். ஆனால் அந்த எண்ணிக்கை ஃபைலுடையது, டேப்பில் பதியாத விவரம் அதனால் வந்துவிடாது. நிறத்தில் நிலைமை இன்னும் மோசம். வி.எச்.எஸ்-ஸில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிவாகின்றன. நிறத்துக்குக் கிடைப்பது முழு அகலத்துக்கும் ஐம்பதை ஒட்டிய நுணுக்கங்கள்தான். சிவப்பு உடையின் நிறம் அதன் ஓரத்தைத் தாண்டிப் பக்கத்தில் நிற்பவர் தோளில் கசிந்து தெரிவது இதனால்தான்.

உங்கள் டேப்பில் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் நிற்கும் குரூப் ஷாட் ஒன்று இருக்கிறது. 320 நுணுக்கங்களைப் பன்னிரண்டு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு சுமார் 27 வரும். முகம் அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 9. ஒரு முகத்தின் குறுக்கே ஒன்பதே நுணுக்கங்கள் இருந்தால் கண் எங்கே, வாய் எங்கே என்பது தெரியும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது தெரியாது. அதே டேப்பில் அம்மாவின் குளோசப்பில் முகம் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருக்கிறது. அங்கே முகத்துக்கு நூறுக்கு மேல் கிடைக்கிறது, சிரிப்பு முழுசாகத் தெரிகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள வழிகளை எடைபோடுவது எளிது.

முதல் வழி, இப்போது முதல் கட்-டில் இருப்பது: திரை முழுக்க நிரப்புவது. டேப் படம் 4:3, நம் திரை 16:9. அகலத்தை 1920-க்கு இழுத்தால் உயரம் 1440 ஆகும். திரையில் 1080-க்குத்தான் இடம். மேலும் கீழுமாகக் கால் பங்கு படம் வெட்டுப்படும். அந்தக் காலத்து கேமராமேன் தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எடுத்திருந்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் நெற்றியோ கைகளோ போய்விடும். டேப்பின் ஒவ்வொரு நுணுக்கமும் இங்கே திரையின் 6 புள்ளிகள் அகலத்துக்கு விரிகிறது. நீங்கள் மங்கல் என்று சொல்வது இந்த விரிவைத்தான். ஆனால் புதுக் காட்சியிலிருந்து டேப்புக்குப் போகும்போது திரையின் வடிவம் மாறாது என்பது இதன் பலம். கதை ஓட்டத்தில் ஒரு தடை இருக்காது.

இரண்டாவது, முழு உயரத்தில் வைத்து இரு பக்கமும் கருப்புப் பட்டை விடுவது. படம் 1440 புள்ளிகள் அகலத்தில் நிற்கும், ஒரு நுணுக்கம் நாலரைப் புள்ளிக்கு விரியும். எதுவும் வெட்டுப்படாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வி.எச்.எஸ். படத்தின் அடி விளிம்பில் சில வரிகள் நெளிந்து கிழிந்து தெரியும். டேப்பைப் படிக்கும் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. பழைய டிவிக்கள் ஓரங்களைத் தானாகவே மறைத்ததால் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. இப்போது படும், ஆகவே அந்த வரிகளை மட்டும் மறைத்துவிடுவோம்.

மூன்றாவது, திரையின் நடுவில் 960-க்கு 720 அளவில் ஒரு சட்டம். ஒரு நுணுக்கம் மூன்றே புள்ளிகள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் வழியைவிட இது கணிசமாக ஷார்ப்பாகத் தெரியும். விவரம் ஒன்றும் கூடவில்லை, விரிவு பாதியாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பின்னணி வெறும் அடர் நிறமாக இருக்கட்டும். அதே காட்சியையே மங்கலாக்கிப் பின்னால் பரப்பும் வழக்கத்தை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. பின்னால் அசைவு இருந்தால் கண் அங்கே போய்விடும், நடுவில் இருக்கும் முகத்துக்குக் கவனம் போதாமல் போகும். இந்த வழியின் குறை, பெரிய டிவியில் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குப் படம் சின்னதாக இருக்கும் என்பது.

4:3 படத்தை அப்படியே பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். முகங்களின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், தட்டு கடிகாரம் எல்லாம் நீள்வட்டமாகும். அது வேண்டாம்.

நான்காவதாக நீங்கள் நேரடியாகக் கேட்டது ஷார்ப்னஸைக் கூட்டுவது. இந்த எஃபெக்ட் செய்வது ஓரங்களின் இரு பக்கமும் கருமை வெளுமையைக் கூட்டிக் காட்டுவதுதான். அந்தக் காலத்து கேமராவும் பிளேயரும் இதையே ஒரு முறை செய்துவிட்டன. உங்கள் அப்பாவின் தலைமுடி ஓரத்தை நிறுத்திப் பாருங்கள், கருப்புக்கு வெளியே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். மேலும் ஷார்ப் செய்தால் கோடு தடிக்கும், திரை முழுக்க வைத்தால் தலையைச் சுற்றி வெளிச்ச வளையமே வந்துவிடும். கூடவே டேப்பின் பொரிப்பொரியான இரைச்சலும் ஏறும். குளோசப்பில் மிகக் குறைந்த அளவு தாங்கும், குரூப் ஷாட்டில் தொடவே கூடாது. நுணுக்கம் 9-ஆக இருக்கும் முகத்தில் ஷார்ப் செய்ய ஒன்றும் இல்லை.

புதுக் காட்சிகளை வேண்டுமென்றே மங்கலாக்கி டேப்போடு பொருத்துவது என்று இன்னொரு யோசனை உண்டு. மூன்று நிமிடத்துக்காக மீதிப் படம் முழுவதையும் கெடுப்பதில் நியாயம் இல்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு விஷயம் இருக்கிறது. எந்த அளவில் வைக்கிறோம் என்பதைவிட அதுதான் அதிகம் மாற்றும். நீங்கள் தந்தது டேப் அல்ல, டேப்பிலிருந்து முன்பே எடுத்துவைத்த டிவிடி. மங்கலில் ஒரு பகுதி வி.எச்.எஸ்-ஸுடையது, அதை யாராலும் மீட்க முடியாது. இன்னொரு பகுதி அந்த டிவிடி செய்யப்பட்ட விதத்தில் வந்தது, அதைத் தவிர்க்கலாம்.

டிவிடியில் இரண்டு அடையாளங்கள் தெரிகின்றன. ஃபிளாஷ் அடிக்கும் இடங்களிலும் கேமரா வேகமாகத் திரும்பும் இடங்களிலும் படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைகிறது. நீளமான நிகழ்ச்சியை ஒரே டிவிடியில் அடைக்க அதிகமாகச் சுருக்கியதன் விளைவு இது. அடுத்து, நெருக்கமான கோடு போட்ட சட்டையின் மேல் வானவில் நிறங்கள் ஓடுகின்றன. பிளேயரிலிருந்து மஞ்சள் முனை வீடியோ கேபிள் வழியாக எடுத்திருந்தால் இப்படி வரும். டேப்பில் தனித்தனியாக இருந்த வெளிச்சத்தையும் நிறத்தையும் அந்த ஒற்றைக் கேபிள் கலந்து அனுப்புகிறது, மறுபக்கம் மறுபடி பிரிக்கும்போது ஒன்று மற்றொன்றில் சிக்கிக்கொள்கிறது. எஸ்-வீடியோ வெளியீடு உள்ள எஸ்.வி.எச்.எஸ். பிளேயரில் ஓட்டினால் இரண்டும் தனித்தனிக் கம்பியில் வரும். டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவியும் இருந்தால் நேர்க்கோடுகள் லேசாக நெளிவதும் அடங்கும்.

டேப்பிலிருந்து நேரடியாக எடுத்தால் இன்டர்லேஸையும் நாங்களே கையாளலாம். டேப்பின் ஒவ்வொரு ஃப்ரேமும் இரண்டு ஃபீல்டுகளால் ஆனது. ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், மற்றதில் இரட்டைப்படை வரிகள், இரண்டுக்கும் இடையில் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி. மட்டமான மாற்றத்தில் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 576 வரிகள் 288 ஆகிவிடும், உயர வாட்டில் பாதி விவரம் அங்கேயே போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் அசையும் கையின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரியும். முதலில் இரண்டு ஃபீல்டுகளையும் பயன்படுத்தி முழு ஃப்ரேம்களாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெரிதாக்க வேண்டும். வரிசை மாறினால் பற்கள் படத்தோடு கலந்துவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

ஆகவே எங்கள் சிபாரிசு இது. எல்லா ஷாட்டுக்கும் ஒரே வழி வேண்டாம். குரூப் ஷாட்டும் மண்டபத்தின் தூரக் காட்சிகளும் நடுச் சட்டத்தில் 960-க்கு 720-ல் போகட்டும். அம்மாவின் குளோசப்பும், இருவரும் மோதிரம் மாற்றும்போது கைகளை நெருக்கத்தில் காட்டும் ஷாட்டும் முழு உயரத்தில், கருப்புப் பட்டையோடு வரட்டும். திரை முழுக்க நிரப்புவதை நாங்கள் கைவிடுவோம்; குளோசப்பிலும் நெற்றியை இழப்பதற்கு ஈடாக அது ஒன்றும் தரவில்லை. புதுக் காட்சியிலிருந்து நேராக டேப்புக்குத் தாவும் நான்கு இடங்களிலும் நடுவே ஒரு பழைய போட்டோவின் ஸ்கேனோ இரண்டு விநாடிக் கருப்போ வைப்போம். 4கே-யிலிருந்து வந்த முகத்துக்கு அடுத்த கணமே டேப் வந்தால், அது இருப்பதைவிட மங்கலாகத் தெரிகிறது.

இதற்கு எங்களுக்கு வேண்டியது அசல் டேப். வீட்டில் ஒன்றுக்கு மேல் இருந்தால் எல்லாவற்றையும் அனுப்புங்கள். அந்தக் காலத்தில் எடிட்டிங்கே டேப்பிலிருந்து டேப்புக்குக் காப்பி எடுத்துத்தான் நடந்தது. ஒவ்வொரு காப்பியிலும் நிறம் இன்னும் கசியும், இரைச்சல் கூடும். எடிட் செய்யாத, நீளமான, லேபிளில் ஒன்றுமே எழுதாத டேப் கிடைத்தால் கேமராவில் ஓடியதே அதுவாக இருக்கலாம். சோதித்துப் பார்க்க வீட்டுப் பிளேயரில் போட வேண்டாம். கேசட்டின் ஜன்னல் வழியாகப் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளையாகத் தூள் படிந்திருந்தால் அது பூஞ்சை. ஓட்டினால் டேப்பும் கெடும், பிளேயரின் ஹெட்டும் அடைத்துக்கொள்ளும். அப்படி இருந்தால் கேசட்டின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி அனுப்புங்கள், சுத்தம் செய்த பிறகே ஓட்டுவோம். டேப் கிடைக்கவில்லை என்றால் இதே டிவிடியை வைத்து மேலே சொன்னபடி செய்கிறோம். அப்போது கருப்புப் பட்டையோடு வைக்க நினைத்த ஷாட்டுகளையும் நடுச் சட்டத்துக்கே மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் அந்தச் சதுரங்கள் பெரிய அளவில் நன்றாகத் தெரியும்.